அலாய் வீலுக்கு ஹப் ரிங், ஸ்பேசர்: எப்போது உதவும், எப்போது ஆபத்து

புதிதாக அலாய் வீல் மாட்டிய கார் புதுச்சேரி நகருக்குள் நன்றாகத்தான் ஓடும். காமராஜ் சாலையிலும் மறைமலையடிகள் சாலையிலும் 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட வழியில்லை என்பதால் குறை வெளியே தெரியாது. திண்டிவனம் போகும் நான்குவழிச் சாலையில் ஏறி 85, 90-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் நடுங்கத் தொடங்கும். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து பேலன்சிங் பார்த்தால், இயந்திரத்தில் நான்கு சக்கரமும் சரியாக இருப்பதாகக் காட்டும். மறுநாள் அதே சாலை, அதே நடுக்கம். சிலர் டயரை மாற்றுகிறார்கள், சிலர் அலைன்மென்ட் செய்கிறார்கள், சிலர் ஸ்டீயரிங் ராடு வரை போய்ப் பணத்தைக் கொட்டுகிறார்கள். பல கார்களில் தேவைப்பட்டது நான்கு வளையங்கள் மட்டும்தான்.

அந்த வளையம்தான் ஹப் ரிங். அதை விற்கும் கடையில் அதே கண்ணாடிப் பெட்டிக்குள், சக்கரத்துக்கும் அது மாட்டப்படும் ஹப்புக்கும் நடுவில் செருகும் தட்டான ஸ்பேசரும் இருக்கும். இரண்டையும் ஒரே வகைப் பொருள் போல விற்கிறார்கள். ரிங், அளவு சரியாக இருந்தால், ஏறக்குறைய எந்தத் தீங்கும் செய்யாது. ஸ்பேசர் அப்படியல்ல. சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் அமைப்பிலேயே அது கை வைக்கிறது. இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் மீதி எல்லாம் அளவெடுக்கும் வேலைதான்.

நடுக்கம் எங்கிருந்து வருகிறது

சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். பிரேக் டிஸ்கின் நடுவே, நட்டு ஏறும் ஸ்டட்டுகளுக்கு இடையில், வட்டமான மேடு ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். அது ஹப்பின் பகுதி. கம்பெனி ரிம்மின் நடுத்துளை அந்த மேட்டின் அளவுக்குத் துல்லியமாகக் கடையப்பட்டிருக்கும். ரிம்மை உள்ளே தள்ளியதும் அது மேட்டின் மேல் ஏறி உட்கார்ந்து, தானாகவே நடுவுக்கு வந்துவிடும்.

வெளியில் வாங்கும் அலாய் வீல் ஒரே ஒரு காருக்காகச் செய்யப்படுவதில்லை. ஒரே அச்சு பல கம்பெனிக் கார்களுக்கும் பொருந்த வேண்டும் என்பதால் நடுத்துளையைப் பெரிதாக விட்டுவிடுகிறார்கள். 67.1, 72.6, 73.1 மில்லிமீட்டர் ஆகிய அளவுகள் சந்தையில் சாதாரணம். மாருதி ஸ்விஃப்டின் நடுமேடு 54.1 மில்லிமீட்டர். 73.1 துளையுள்ள வீலை அதில் மாட்டினால் சுற்றிலும் 9.5 மில்லிமீட்டர் வெற்றிடம். மேடு இருந்தும் அதற்கு வேலையில்லை. வீலை நடுவுக்குக் கொண்டுவருவது நட்டின் கூம்பு முகம் மட்டுமே.

கூம்பு நட்டே போதாதா என்று கேட்கலாம். பொறுமையாக, வீல் காற்றில் தொங்கும்போது, எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் பெரும்பாலும் போதும். நடப்பது அப்படியில்லை. ஒரு நட்டை முதலில் நட்டு முடுக்கும் துப்பாக்கியால் முழுவதுமாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகிறார்கள். வீலின் எடை கீழே இழுக்க, முதல் நட்டு அது சரிந்த இடத்திலேயே பிடித்துவிடும். மீதி மூன்றும் எவ்வளவு இறுக்கினாலும் வீல் நகராது.

அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் என்ன ஆகிவிடும் என்பதற்கு ஒரு கணக்கு. 15 அங்குல வீலும் டயரும் சேர்ந்து சுமார் 15 கிலோ. அது அரை மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தால், ரிம்மின் ஓரத்தில் ஏறக்குறைய 39 கிராம் ஈயக்கட்டியைத் தவறான இடத்தில் ஒட்டியதற்குச் சமம்.

```
15000 g × 0.5 mm ÷ 190 mm ≈ 39 g
```

90 கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சக்கரம் நொடிக்குச் சுமார் 13 முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 5 கிலோ எடைக்கு நிகரான விசை சக்கரத்தை மேலும் கீழும் உதைக்கும். டயரும் அதே அரை மில்லிமீட்டர் கோணலாக ஓடுவதால் சாலையில் ஏறி இறங்கும் உதையும் கூடவே சேர்கிறது.

பேலன்சிங் இயந்திரம் இதைக் காட்டாததற்குக் காரணம் எளிது. அங்கே வீலின் நடுத்துளைக்குள் ஒரு கூம்பைச் செருகி இறுக்குகிறார்கள். இயந்திரத்தில் வீல் நடுத்துளையை மையமாக வைத்துச் சுற்றுகிறது. காரில் நட்டுகளை மையமாக வைத்துச் சுற்றுகிறது. இரண்டும் வேறு வேறு மையங்கள். இயந்திரம் பொய் சொல்லவில்லை. காரில் அந்த வீல் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை.

இதைக் கண்டுபிடிக்கக் காசு செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. முன்சக்கரங்கள் இரண்டையும் தரையிலிருந்து தூக்கி, நட்டுகளைத் தளர்த்தி, வீலைக் கையால் தூக்கிப் பிடித்தபடி மறுபடி எதிரெதிராக இறுக்கி, அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள். நடுக்கம் கூடினாலோ குறைந்தாலோ வேறு வேகத்துக்கு மாறினாலோ வீல் நடுவில் உட்காரவில்லை என்று பொருள். ஒவ்வொரு முறையும் அச்சு மாறாமல் அதே நடுக்கம் என்றால் ரிம் வளைந்திருக்கலாம், டயர் புடைத்திருக்கலாம். அதற்கு ரிங் மருந்தல்ல. நடுக்கம் கையில் தெரிந்தால் பெரும்பாலும் முன்சக்கரம். இருக்கையில் தெரிந்தால் பின்சக்கரம்.

ரிங் எடையைத் தாங்குவதில்லை

ரிங்கை விற்பவர்களில் சிலர் காரின் எடையை அது தாங்கும் என்று சொல்லி அலுமினிய ரிங்கைத் தலையில் கட்டுகிறார்கள். அது தவறு. ஸ்டட் 12 மில்லிமீட்டர் தடிமன், இறுக்கம் 100 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு நட்டும் வீலை ஹப் முகத்தோடு ஏறக்குறைய 4 டன் விசையுடன் அழுத்துகிறது. நான்கு நட்டுக்கு 16 டன். அந்த அழுத்தத்தால் இரண்டு உலோக முகங்களுக்கு இடையில் பிறக்கும் உராய்வுதான் காரின் எடையையும் பிரேக்கின் இழுப்பையும் தாங்குகிறது. ரிங் செய்வதெல்லாம், நட்டு இறுகி முடியும் வரை வீலை நடுவில் பிடித்து வைத்திருப்பது. இறுகிய பிறகு ரிங்கின் வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

இந்த ஒரு உண்மையிலிருந்துதான் இனி வரும் எச்சரிக்கைகள் எல்லாம் பிறக்கின்றன. இரண்டு முகங்களும் முழுப் பரப்பில் ஒட்ட வேண்டும். நடுவில் துரு, மண், பெயின்ட், கிரீஸ், துருத்தி நிற்கும் ரிங், தரமற்ற ஸ்பேசர் என்று எது புகுந்தாலும் அந்த 16 டன் பிடி குறையத் தொடங்கும்.

அளவு எடுப்பது

கடைக்காரர் கார் பெயரைக் கேட்டு எடுத்துத் தரும் ரிங்கை நம்ப வேண்டாம். வெர்னியர் காலிப்பர் ஒன்று போதும்.

முதலில் ஹப்பின் நடுமேட்டைக் கம்பி பிரஷ்ஷால் துருப் போகத் தேயுங்கள். கடலூர், புதுச்சேரி வண்டிகளில் இது சடங்குக்குச் சொல்வதல்ல. கடல் காற்றில் நிற்கும் காரின் மேட்டில் துரு பொரிந்து நிற்கும். அதோடு அளந்தால் அளவு தப்பும். தேய்த்த பிறகு மூன்று இடங்களில் குறுக்களவு எடுங்கள். அடுத்து வீலைக் கவிழ்த்து, அதன் பின்முகத்தில் நடுத்துளையின் அளவை எடுங்கள். ரிங்கின் உள்ளளவு மேட்டுக்கும் வெளியளவு வீல் துளைக்கும் பொருந்த வேண்டும். எங்கள் ஸ்விஃப்ட் எடுத்துக்காட்டில் அது 73.1-க்கு 54.1. ரிங்கின் மேலேயே இரண்டு எண்களும் பொறிக்கப்பட்டிருக்கும். 54.1 வேண்டிய இடத்தில் 56.1 போட்டால் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் ஆட்டம். அந்த ரிங் போட்டும் போடாததற்குச் சமம்.

மூன்றாவது அளவைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: டிஸ்கின் முகத்திலிருந்து நடுமேடு எவ்வளவு உயரம் வெளியே நிற்கிறது என்பது. பின்னால் ஸ்பேசர் கணக்கில் இதுதான் தலைவிதியைத் தீர்மானிக்கும் என்பதால் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

ரிங் கையால் அழுத்தினால் வீலுக்குள் போக வேண்டும். சுத்தியல் கேட்கக் கூடாது, கவிழ்த்தால் தானாக விழவும் கூடாது. உள்ளே போனதும் ஒரு நேரான இரும்பு அளவுகோலை வீலின் பின்முகத்தில் குறுக்கே வையுங்கள். ரிங் முகத்துக்குச் சமமாகவோ சற்று உள்ளடங்கியோ இருக்க வேண்டும். ஒரு மயிரிழை வெளியே நின்றாலும் அளவுகோல் ரிங்கின் மேல் ஆடும். அப்படிப்பட்ட ரிங்கோடு வீலை மாட்டினால் வீல் ரிங்கின் மேல் உட்காரும், ஹப்பின் மேல் உட்காராது. நட்டு இறுகியது போலத் தோன்றும். சில நூறு கிலோமீட்டரில் ரிங் நசுங்க, நட்டு தளரும்.

பிளாஸ்டிக்கா, அலுமினியமா

எங்கள் கடற்கரைக்கு என் பரிந்துரை நல்ல தரமான பிளாஸ்டிக் ரிங். அலுமினியமும் இரும்பும் உப்பீரத்தில் ஒட்டி நின்றால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகப் பூத்து இரும்போடு பிடித்துக்கொள்ளும். ஒரு மழைக்காலம் கடந்த பிறகு வீலைக் கழற்றப் பார்த்தால் நட்டு நான்கும் கையில் இருக்கும், வீல் அசையாது. டயரைக் காலால் உதைத்து, பின்பக்கத்திலிருந்து மரக்கட்டை வைத்துத் தட்டி எடுக்க வேண்டியிருக்கும். இரவு நேரத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பங்சர் ஆகி இந்த நிலை வந்தால் என்ன செய்வது என்று யோசித்துப் பாருங்கள்.

பிளாஸ்டிக் ரிங்குக்கும் எல்லை உண்டு. மலைப்பாதையில் நீண்ட இறக்கம், பந்தய ஓட்டம் போல பிரேக் கடுமையாகச் சூடாகும் இடங்களில் அது இளகி உருக்குலையலாம். அப்படி ஓட்டுபவர்கள் அலுமினியம் வாங்கி, நடுமேட்டின் மேல் மட்டும் உலோகம் ஒட்டிப் பிடிக்காமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசையை மெல்லிய படலமாகத் தடவ வேண்டும். ஸ்டட்டின் மரையிலோ நட்டின் கூம்பிலோ வீலின் முகத்திலோ அது படக் கூடாது. உலர்ந்த மரைக்குச் சொன்ன இறுக்கத்தைப் பசை தடவிய மரையில் கொடுத்தால், உராய்வு குறைந்து ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும்.

மாட்டும் முறை

ஹப் முகத்தையும் வீலின் பின்முகத்தையும் தேய்த்துத் துடையுங்கள். ரிங்கை வீலுக்குள் அழுத்துங்கள். சக்கரம் தரையில் படாமல் இருக்கும்போதே வீலை மேட்டின் மேல் ஏற்றி, நான்கு நட்டையும் கையால் முழுவதும் திருகுங்கள். நட்டு கையால் எத்தனை சுற்று போனது என்று ஒன்றிலாவது எண்ணிப் பாருங்கள். பிறகு வீல் ஸ்பேனரால் எதிரெதிராக மெல்ல இறுக்கி, ஜாக்கியை இறக்கி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு முடியுங்கள். சிறிய கார்கள் பலவற்றுக்கு அது 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் வரும். உங்கள் காருக்கு என்ன என்பதைக் கையேட்டில்தான் பார்க்க வேண்டும்.

நட்டின் முகத்தையும் பாருங்கள். வெளிச்சந்தை அலாய் வீலில் நட்டு உட்காரும் இருக்கை பெரும்பாலும் கூம்பு வடிவில் இருக்கும். ஹோண்டா கார்களின் கம்பெனி நட்டு உருண்டை முகம் கொண்டது. டொயோட்டாவின் அலாய் நட்டு பலவற்றில் தட்டை வாஷர் இருக்கும். அந்த நட்டைக் கூம்பு இருக்கையில் போட்டால் மெல்லிய கோடு அளவுக்கே உலோகம் உலோகத்தைத் தொடும். எவ்வளவு நல்ல ரிங் போட்டாலும் அந்த வீல் நிற்காது.

ரிங் போட்ட காரில் ஸ்டெப்னியை மறந்துவிடக் கூடாது. டிக்கியில் கிடப்பது கம்பெனி இரும்பு ரிம். அதன் நடுத்துளை ஹப் மேட்டின் அளவே. ரிங் வீலோடு வராமல் ஹப்பிலேயே ஒட்டி நின்றுவிட்டால், அதைக் கழற்றாமல் ஸ்டெப்னி ஏறாது. அவசரத்தில் அதை நட்டுப் போட்டு இழுத்து உட்கார வைக்கப் பார்ப்பவர்கள் உண்டு. பங்சர் கடைக்காரரிடம், "அண்ணே, உள்ளே ரிங் இருக்கிறது, பார்த்து எடுங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அது மண்ணில் விழுந்து அங்கேயே கிடக்கும். அடுத்த வாரம் நடுக்கம் திரும்பி வரும்.

ஸ்பேசர்: ஒரு காரின் கணக்கு

மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி தன் ஸ்விஃப்டைக் கொண்டுவந்தார். 15 அங்குல அலாய், 7 அங்குல அகலம், நடுத்துளை 73.1. மாட்டிய அன்றே டயரின் உள்பக்கம் ஷாக் அப்சார்பரின் குழாயை உரசியிருக்கிறது. மாட்டிய கடையிலேயே 5 மில்லிமீட்டர் தட்டை ஸ்பேசரைச் செருகி உரசலை நிறுத்தியிருக்கிறார்கள். பிறகு 90-இல் நடுக்கம். அதற்கு ஹப் ரிங்கும் வாங்கிப் போட்டிருக்கிறார்.

"அண்ணே, ரிங் போட்டும் நடுக்கம் போகவில்லையே" என்றார்.

கழற்றியதும் காரணம் தெரிந்தது. அவருடைய ஹப்பின் நடுமேடு டிஸ்க் முகத்திலிருந்து 9 மில்லிமீட்டர் உயரம். ஸ்பேசர் அதில் 5 மில்லிமீட்டரை விழுங்கிவிட்டது. மீதி 4. மேட்டின் நுனி உள்நோக்கிச் சரிவாகக் கடையப்பட்டிருக்கும். வீலின் துளையும் வாய்ப்பகுதியில் சரிவாக வெட்டப்பட்டிருக்கும், ரிங் அதற்கு உள்ளே தள்ளித்தான் உட்காரும். இரண்டு சரிவையும் கழித்தால் ரிங்கும் மேடும் தொட்டுக்கொண்டது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ரிங்கின் உள்விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் நகக்கீறல் போல ஒரு பளபளப்பு. மற்ற இடமெல்லாம் புதிது போலவே இருந்தது. ஸ்பேசர் ரிங்கை வேலையில்லாமல் செய்துவிட்டது.

நடுக்கத்தைவிடக் கவலை தந்தது நட்டு. மாருதியின் ஸ்டட் 12 மில்லிமீட்டர் தடிமன். மரையில் ஒரு சுற்றுக்கு 1.25 மில்லிமீட்டர் ஏறும். ஸ்பேசரோடு மாட்டி நட்டைத் திருகினால் 6 சுற்றிலேயே நின்றது. அதாவது 7.5 மில்லிமீட்டர் பிடிப்பு. ஸ்பேசரை எடுத்துவிட்டுத் திருகினால் 10 சுற்று, 12.5 மில்லிமீட்டர். நட்டு ஸ்டட்டைக் குறைந்தது அதன் தடிமன் அளவுக்காவது பிடித்திருக்க வேண்டும் என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் எளிய விதி. 12 மில்லிமீட்டர் ஸ்டட்டுக்கு 12 மில்லிமீட்டர். 1.25 மரைக்கு ஏறக்குறைய 10 சுற்று; ஹூண்டாய், ஹோண்டா, டொயோட்டாவில் வரும் 1.5 மரைக்கு 8 சுற்று. இந்தக் காரில் 4 சுற்று குறைவு. தட்டை ஸ்பேசர் என்றால் அதன் தடிமன் முழுவதும் மரைப்பிடிப்பிலிருந்துதான் கழிகிறது. எத்தனையோ கார்களில் இது இப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. பிடிப்பு குறைந்த மரை ஒரு பெரிய பள்ளத்திலோ அடுத்த முறை துப்பாக்கியால் இறுக்கும்போதோ சீவிக்கொண்டு வந்துவிடலாம்.

அடுத்து, உண்மையில் அந்தக் காருக்கு ஸ்பேசர் தேவைதானா என்ற கேள்வி. வீலின் பின்பக்கம் ஈடி என்று ஓர் எண் பொறித்திருக்கும். ஹப்பில் ஒட்டும் முகம் வீலின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்பதே அது. அகலத்தில் பாதியோடு ஈடியைக் கூட்டினால் வீல் உள்பக்கம் எவ்வளவு நீள்கிறது என்று கிடைக்கும்; கழித்தால் வெளிப்பக்கம். கழற்றிய பழைய ரிம்மில் அகலம் 5.5 அங்குலம், ஈடி 45. புதியதில் 7 அங்குலம், ஈடி 40. மில்லிமீட்டரில் இப்படி வந்தது:

```
பழையது 5.5 அங்குலம்: 70 + 45 = 115 உள்ளே,  70 - 45 = 25 வெளியே
புதியது 7 அங்குலம்:   89 + 40 = 129 உள்ளே,  89 - 40 = 49 வெளியே
```

உள்பக்கம் 14 மில்லிமீட்டர் நெருங்கிவிட்டது, வெளிப்பக்கம் 24 மில்லிமீட்டர் நீண்டுவிட்டது. உரசல் வந்ததில் வியப்பில்லை. நடுமேடு போல ஓர் உதடு கொண்ட நல்ல ஸ்பேசரைப் போடலாமா என்றால், அப்படிப்பட்டது சாதாரணமாக 10, 12 மில்லிமீட்டருக்கு மேல்தான் கிடைக்கும். போட்டால் வெளிப்பக்கம் பழைய ரிம்மைவிட 36 மில்லிமீட்டர் வரை நீண்டுவிடும். பின்சீட்டில் மூவர் ஏறியதும் மட்கார்டு டயரில் இறங்கும். நீள ஸ்டட்டும் அடித்தாக வேண்டும்.

அவரிடம் நான் சொன்னது: ஸ்பேசரில் இனிப் பணம் போடாதீர்கள், வீலை மாற்றுங்கள். அதே கடையில் பேசி, 6 அங்குல அகலமும் ஈடி 40-உம் உள்ள வீலுக்கு மாற்றிக்கொண்டார். உள்ளே 116, வெளியே 36. கம்பெனி ரிம்மைவிட உள்பக்கம் ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் கூடுதல். அதற்கும் நடுத்துளை 73.1 என்பதால் அவர் வாங்கியிருந்த ரிங் வீணாகவில்லை. ஸ்பேசர் இல்லாததால் நடுமேடு முழு உயரமும் கிடைத்தது, நட்டு 10 சுற்று பிடித்தது. திண்டிவனம் சாலையில் ஓட்டிப் பார்த்தோம். 100 வரை ஸ்டீயரிங் அசையவில்லை.

போட்டே ஆக வேண்டும் என்றால்

ஸ்பேசருக்கு நியாயமான இடமும் உண்டு. வீலின் ஆரக்கால் பிரேக் காலிப்பரைத் தொட்டும் தொடாமலும் இருப்பது, சரியான ஈடியில் அந்த வீல் கிடைக்காமல் போவது போன்ற நேரங்களில் அது உதவும். தோற்றத்துக்காக, சக்கரம் மட்கார்டோடு சமமாக நிற்க வேண்டும் என்பதற்காகப் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

3 முதல் 5 மில்லிமீட்டர் தட்டை ஸ்பேசர் என்றால், செருகிய பிறகும் நடுமேடு வீலையோ ரிங்கையோ பிடிக்கும் அளவுக்கு வெளியே நிற்கிறதா, நட்டு தேவையான சுற்றுகள் ஏறுகிறதா என்ற இரண்டும் தேற வேண்டும். சுற்று குறைந்தால் பழைய ஸ்டட்டைத் தட்டி எடுத்து, அதே தடிமனும் அதே மரையும் உள்ள நீள ஸ்டட்டை அழுத்தி ஏற்ற வேண்டும். அப்போது மூடிய தலை நட்டைப் போடாதீர்கள். நீள ஸ்டட்டின் நுனி மூடியின் உட்கூரையில் முட்டி நின்றுவிடும்; ரெஞ்ச் இறுகிவிட்டதாகச் சொல்லும், வீல் மட்டும் அழுந்தியிருக்காது. நட்டுக்குப் பதில் போல்ட் வரும் ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா போன்ற கார்களில் ஸ்பேசரின் தடிமன் அளவுக்கு நீளமான போல்ட் வாங்க வேண்டும். ஸ்பேசரைக் கழற்றிய நாளில் அந்த நீள போல்ட்டை மீண்டும் போட்டால் அது ஹப்பின் பின்னால் நீண்டு உள்ளிருக்கும் பாகங்களில் முட்டலாம்.

20 மில்லிமீட்டருக்கு மேல் போனால், ஹப்பில் தனியே நட்டுப் போட்டு இறுக்கி, வீலைத் தன் சொந்த ஸ்டட்டில் தாங்கும் வகை வரும். அதில் மரைப்பிடிப்புப் பிரச்சினை இல்லை. ஆனால் உள்ளே இறுக்கிய நட்டுகள் வீலுக்குப் பின்னால் மறைந்துவிடுகின்றன. அவை தளர்ந்தால் வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. அதனால் மாட்டிய 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் வீலைக் கழற்றி உள்நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு முறை டயர் இடம் மாற்றும்போதும் பார்க்க வேண்டும். காரின் பழைய ஸ்டட் ஸ்பேசரின் முகத்துக்கு மேல் துருத்துகிறதா என்பதும் முக்கியம். துருத்தினால், வீலின் பின்முகத்தில் அதற்கு இடம்விடும் குழி இருந்தால் மட்டுமே அந்த வீல் முழுதாக உட்காரும்.

எந்த வகையானாலும் சக்கரம் வெளியே தள்ளப்படுகிறது. பேரிங்கின் மேல் விழும் நெம்புவிசை கூடுகிறது. முன்சக்கரம் ஒன்று மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது ஸ்டீயரிங் கையிலிருந்து பிடுங்கும். அரியாங்குப்பம் தாண்டிக் கடலூர் வரும் வழியில் மழைக்காலப் பள்ளங்களில் ஓட்டுபவர்களுக்கு இந்த இழுப்பு உடனே கைக்குத் தெரியும். முன்பக்கம் மட்டும் ஸ்பேசர் போடுவது, இரண்டு ஸ்பேசரை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவது, நான்கு வகை ஸ்டட் அமைப்புக்கும் பொருந்தும்படி சுற்றிலும் நீளத்துளை போட்ட மலிவு வார்ப்புத் தட்டை வாங்குவது ஆகிய மூன்றும் எந்த நிலையிலும் வேண்டாம். நீளத்துளைத் தட்டில் நட்டின் அழுத்தத்தைத் தாங்க வேண்டிய உலோகம் அந்த இடத்தில்தான் இருக்காது.

சட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. வீலோ ஸ்பேசரோ மாற்றினால் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

மாட்டிய பிறகு கவனிக்க வேண்டியவை

ரிங் மட்டும் போட்டிருந்தாலும், வீல் கழற்றி மாட்டிய 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை ஒருமுறை டார்க் ரெஞ்சால் பாருங்கள். முதல் முறை சற்று இறங்கியிருப்பது இயல்பு. இரண்டாவது முறையும் இறங்கியிருந்தால் இயல்பல்ல. ஏதோ ஒன்று இடையில் நசுங்கிக்கொண்டிருக்கிறது அல்லது மரை இழுபடுகிறது. கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும்.

நட்டைச் சுற்றி நட்சத்திரக் கதிர் போலத் துருக்கோடு வழிந்திருந்தாலோ, கறுப்பான உலோகப் பொடி படிந்திருந்தாலோ, மெதுவாகத் திரும்பும்போது சக்கரத்திலிருந்து டிக், டிக் என்ற ஓசை வந்தாலோ வீல் ஹப்பின் மேல் நகர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் வண்டியை ஒர்க்‌ஷாப் வரை ஓட்டிச் செல்ல வேண்டாம். நிறுத்திய இடத்திலேயே கழற்றுங்கள். ஸ்பேசரின் முகத்தில் பளபளப்பாகத் தேய்ந்த திட்டு, வட்டமாக இருந்த நட்டுத் துளை நீள்வட்டமாகியிருப்பது ஆகிய இரண்டில் ஒன்று இருந்தாலும் அந்த ஸ்பேசரும் அந்த வீலும் இனிப் பயன்படாது. ஒரு ஸ்டட் உடைந்திருந்தால் அந்தச் சக்கரத்தின் எல்லா ஸ்டட்டையும் மாற்றுங்கள். உடைந்ததன் சுமையையும் சேர்த்துத் தாங்கியவை மற்றவை. அவற்றின் வேர்ப்பகுதியில் தொடங்கியிருக்கும் விரிசல் கண்ணுக்குத் தெரியாது.